காலையிலும் வடியாத வீக்கம்

முதல் பஸ் கிளம்பும் முன் கண்டக்டர் அண்ணன் காலுறையை இறக்கினார். எலாஸ்டிக் பதிந்த தடம் அப்படியே நின்றது.

"நாள் முழுக்க நிக்கிறோம்ல, வீங்கத்தானே செய்யும்."

நின்று வரும் வீக்கம் படுத்தெழுந்தால் பெரும்பாலும் வடியும். இவருக்கு விடியற்காலையிலேயே இரண்டு காலும் வீக்கம், இமையும் தடிப்பு. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தினால் குழி விழுந்து மெல்லத்தான் நிரம்பியது. சிறுநீரில் நுரை.

அரசாங்க கிளினிக்கில் சிறுநீர்ப் பட்டைச் சோதனை: புரதம் 3 பிளஸ். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் ஏறியிருந்தது. பல வருட இனிப்பு நீர் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்திருக்கிறது. புரதம் ஒழுக, உப்பும் நீரும் உடம்பில் தங்கிவிட்டன.

கால்வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட வலிமாத்திரையைத்தான் டாக்டர் முதலில் நிறுத்தினார். பழுதான சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது இன்னும் குறைக்குமாம்.