எழுத்துக்கு முன்னால் சுழலும் கம்பு

மார்ச் 4, செவ்வாய்

சிலம்பப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கான முகப்புக் காட்சியை இன்று கையில் எடுத்தேன். மொத்தமே நான்கு விநாடி. ஆசானின் மகள் கம்பைச் சுழற்றியபடி இடமிருந்து வலமாக நடக்கிறாள். பின்னால் காலை நேரத்து வெளிறிய வானம், வலது ஓரத்தில் தென்னைகள். ‘சிலம்பம்’ என்ற வெள்ளை எழுத்துகள் வானத்தில் பெரிதாக நிற்க, அவள் அவற்றை மறைத்துக்கொண்டு கடந்து போக வேண்டும்.

இதற்கான ஏற்பாடு எளிது. அடியில் காட்சி, நடுவில் எழுத்து, மேலே அதே காட்சியின் இன்னொரு பிரதி. மேல் பிரதியில் ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டால், எழுத்து ஆளுக்குப் பின்னால் போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அடியிலும் மேலேயும் இருப்பது ஒரே படம். ஆகவே எழுத்து இல்லாத இடத்தில் வெட்டு எவ்வளவு கோணலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மேலே விடுபட்டது அடியிலிருந்து அப்படியே வந்துவிடும். எழுத்தின் மேல் ஆள் படியும் இடத்தில்தான் பிழை தெரியும். வெட்டு பெருத்துவிட்டால் எழுத்துக்குள் வானத்தின் துண்டு ஒட்டிக்கொள்ளும். சிறுத்துவிட்டால் எழுத்து அவள் தோளைத் தின்றுவிடும். இந்தக் காட்சியில் எழுத்துகள் அவள் இடுப்புக்கு மேலேதான் வருகின்றன. ஆகவே கால்களுக்கும் புழுதிக்கும் நான் ஒரு நிமிடம்கூடச் செலவிடப் போவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக வெட்டிக் களைத்துப்போவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

மார்ச் 5, புதன்

உடலை வெட்டும் வேலையை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் Roto Brush கருவியிடம் விட்டேன். அது முதலில் ஒரு ஃபிரேமில் நாம் காட்டும் உருவத்தைக் கற்றுக்கொண்டு, முன்னும் பின்னுமாக மற்ற ஃபிரேம்களுக்குக் கொண்டுபோகும். அந்த முதல் ஃபிரேமை எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. காட்சியின் தொடக்கத்தில் அவள் கைகள் மார்போடு ஒட்டியிருக்கின்றன. அங்கே தொடங்கினால் கை எது, உடல் எது என்று கருவிக்குப் புரியாது. நடுவில் ஓர் இடத்தில் இரு கைகளும் விரிந்து, அசைவால் வரும் கலங்கல் குறைந்து, உருவம் முழுதாகத் தெரிகிறது. அங்கே தொடங்கினேன்.

திருத்தம் செய்யும்போதும் ஒழுங்கு வேண்டும். திருத்தம் தொடக்க ஃபிரேமிலிருந்து வெளிநோக்கித்தான் பரவும். ஆகவே அங்கிருந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து, முதலில் பிசகும் இடத்தில் நின்று சரிசெய்ய வேண்டும். தூரத்துப் பிசகை முதலில் திருத்திவிட்டுப் பக்கத்துக்கு வந்தால், பக்கத்தில் செய்த மாற்றம் அதையும் கலைத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு Freeze கொடுத்துவிட்டால் வெட்டு அப்படியே நிலைத்துவிடும்.

நின்ற படமாகப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போதுதான் விளிம்பு கொதிக்கிறதா என்று தெரியும். எழுத்தை மறைத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் அடர்ந்த சிவப்பு ஒன்றை வைத்துச் சுழற்சியில் ஓடவிட்டேன். இடது தோளில் விளிம்பு துள்ளியது. Reduce Chatter மதிப்பைச் சற்று ஏற்றியதும் அடங்கியது. அதையே மிகுதியாக ஏற்றினால் விளிம்பு உடலுக்குப் பின்தங்கி இழுபடும். வேகமாக நகரும் கையில் அது உடனே தெரிந்துவிடும்.

இப்படிக் கருவி விளிம்பைத் தேடித் தருவதற்கு முன்னால், ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வரைந்தார்கள். மேக்ஸ் ஃபிளைஷர் 1915இல் ரோட்டோஸ்கோப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917இல் கிடைத்தது. தம்பி டேவைக் கோமாளி வேடத்தில் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைக் கண்ணாடியின் பின்புறத்திலிருந்து வீழ்த்தி, மேலே தாள் வைத்து ஒற்றியெடுத்தார். முதல் ஃபிரேமை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்க அவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

மார்ச் 7, வெள்ளி

இன்று முழுவதும் கம்புதான்.

உடலைச் செவ்வனே பிடித்த கருவி கம்பை விட்டுவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அவள் கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றுகிறாள். கையிலிருந்து முனைக்குச் சுமார் 80 செ.மீ. முனை ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 5 மீட்டர். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். காட்சி விநாடிக்கு 25 ஃபிரேமில், 1/50 விநாடி ஷட்டரில் எடுக்கப்பட்டது. ஷட்டர் திறந்திருக்கும் அந்த நேரத்துக்குள் முனை 20 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. படத்தில் இருப்பது கம்பு அன்று. வானம் ஊடே தெரியும் ஒரு விசிறி. அதற்கு விளிம்பே கிடையாது. இல்லாத விளிம்பை எந்தக் கருவி தேடிப் பிடிக்கும்?

கையால் வரைந்து ஓரத்தை மழுக்கலாம். ஆனால் அந்த மழுக்கல் உண்மையான கலங்கலோடு பொருந்தாமல் தனியே நிற்கும். நான் வேறு வழியில் போனேன். கம்பு கருமை, வானம் வெளுப்பு. எழுத்து வானத்தில் மட்டுமே நிற்கிறது. வெளிச்ச வேற்றுமையே வெட்டிக் கொடுக்கட்டும்.

காட்சியின் மூன்றாவது பிரதியை எழுத்துக்கு மேலே, வெட்டிய உடலுக்குக் கீழே வைத்து, Levels மூலம் வானம் முழு வெள்ளையாகும்வரை வெளிச்சத்தை ஏற்றினேன். பிறகு கலப்பு முறையை Multiply ஆக்கினேன். வெள்ளை எதையும் மாற்றாது. ஆகவே வானம் மறைந்து, கம்பின் நிழல் மட்டும் எழுத்தின் மேல் விழுகிறது. கலங்கல் எந்த அளவுக்கு மெல்லியதோ அதே அளவுக்கு மெல்லிய நிழல். முனைப் பக்கம் கரைந்தும் கைப்பக்கம் அடர்ந்தும், கேமரா பதிந்த மாதிரியே வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எழுத்துக்கு வெளியே கம்பு ஏற்கெனவே அடிப்படத்தில் இருக்கிறது. மேலே இன்னொரு முறை பெருக்கினால் இருமடங்கு கறுத்துவிடும். அதனால் எழுத்தையே இந்தப் பிரதிக்கு வெட்டும் அச்சாக, அதாவது மேட்டாகக் கொடுத்தேன். எழுத்துக்குள் மட்டுமே இது வேலை செய்யும். அடுத்தது தென்னை ஓலை. அதுவும் கருமை என்பதால் கம்போடு சேர்ந்து எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். கம்பு சுழலும் வட்டத்தைச் சுற்றித் தளர்வாக ஒரு மாஸ்க் போட்டு அதை வெளியே தள்ளினேன். வானம் எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சமாக இருக்காது. மங்கலான பகுதியை அளவாக வைத்து ஏற்றாவிட்டால் எழுத்துக்குள் சாம்பல் திட்டு தங்கிவிடும்.

மார்ச் 8, சனி

கூந்தல். பிரிந்து பறக்கும் முடியை Refine Edge தூரிகையால் தடவினேன். முடியின் ஓரத்தில் வான நிறம் ஏறியிருக்கிறது. கரும் எழுத்தாக இருந்தால் அது வெள்ளைக் கோடாகத் துருத்தும். வெள்ளை எழுத்தில் கண்ணுக்கு உறுத்தவில்லை. அந்த நிறத்தை நீக்கும் Decontaminate Edge Colors இலேசாகப் போதுமானதாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

ஆசான் வந்து பார்த்தார். கம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, நடுவில் இருக்கும் மகரத்தின் புள்ளியைப் பாப்பாவின் தலை மறைக்கிறதே. கடைசியில் ‘சிலமபம்’ என்றல்லவா நிற்கிறது?” என்றார்.

சரியான கண். தமிழ் எழுத்தில் புள்ளியும் இகரச் சுழியும் தலைக்கு மேலே இருக்கின்றன. ஆளின் தலையும் அங்கேதான் போய் முட்டும். கடந்து போகும்போது எல்லா எழுத்தும் ஏதோ ஒரு கணம் மறையலாம், அதில் தவறில்லை. ஆனால் அவள் நின்று நிலைக்கும் கடைசி ஒரு விநாடியில் எது மறைகிறதோ அதுவே படிப்பவர் மனத்தில் தங்கும். “சொல் முழுவதையும் இடப்பக்கம் நகர்த்துகிறேன், ஆசானே. பாப்பாவின் தலை நடு மகரத்துக்கும் பகரத்துக்கும் இடையில் வந்துவிடும்” என்றேன். பகரத்தின் இடது கோடு தோளுக்குப் பின்னால் போனாலும், வலது கோடும் அடிக்கோடும் தெரிவதால் ‘ப’ என்று வாசிக்க முடிகிறது.

எழுத்து நகர்ந்ததால் அது உடலோடு படியும் இடங்களும் மாறின. வலது முழங்கைப் பக்கம் இதுவரை கவனிக்காமல் விட்ட விளிம்பு இப்போது பகரத்தின் மேல் வருகிறது. Freeze எடுத்துவிட்டு அந்த ஃபிரேம்களை மட்டும் திருத்த வேண்டும், இன்றிரவு முடித்துவிடுவேன். அடுத்த முறை படம்பிடிக்கும்போது, தென்னைகள் சட்டகத்துக்குள் வராதபடி கேமராவைச் சற்று இடப்பக்கம் திருப்பி வைக்கும்படி ஒளிப்பதிவாளரிடம் சொல்லியிருக்கிறேன்.