விபிஎன் பச்சையாக இருந்தும் ஒரு தளமும் திறக்காத இரண்டு நாட்கள்

போன மாதம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. பத்து நாள் தேனிப் பக்கம் ஊரில் இருந்தபடியே அலுவலக வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஊர் வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். முதல் நாள் காலையில் லேப்டாப்பில் அலுவலகத்தின் வயர்கார்டு விபிஎன்னைப் போட்டேன். பச்சை வந்தது, Active என்று காட்டியது. ஆனால் உலாவியில் ஒரு தளமும் திறக்கவில்லை. விபிஎன்னை நிறுத்தினால் எல்லாம் ஓடுகிறது, போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.

அந்தப் பச்சையை நம்பித்தான் அரை நாளைத் தொலைத்தேன். வயர்கார்டில் Active என்றால், அலுவலக சர்வருக்குப் போகும் விபிஎன் சுரங்கத்துக்கு என் கணினியில் இருக்கும் இந்தப் பக்க வாசல் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று அறிய, அதற்குக் கீழே உள்ள Latest handshake வரியைப் பார்க்க வேண்டும். எனக்கு அது '40 நொடி முன்பு' என்று காட்டியது. அப்படியென்றால் சாவி சரி, சர்வர் முகவரி சரி, போர்ட்டும் திறந்திருக்கிறது. சரி, அப்புறம் எங்கே அடைப்பு?

முதலில் பெயர் தேடலைப் பார்த்தேன். விபிஎன் ஓடும்போதே கட்டளைச் சாளரத்தில் இரண்டே வரிகள்:

```
ping 1.1.1.1
nslookup example.com
```

முதல் வரிக்குப் பதில் உடனே வந்தது. இரண்டாவது, DNS request timed out என்று நின்றது. அதாவது சுரங்கம் வழியாக வெளியே போக முடிகிறது, ஆனால் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்ல யாரும் இல்லை. உலாவியும் DNS_PROBE_ என்று தொடங்கும் பிழையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சரியாகப் படிக்கவே இல்லை.

இங்கே ஒரு பொறியில் மாட்டினேன். வேறு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று `nslookup example.com 1.1.1.1` கொடுத்தேன். அதுவும் நின்றது. உடனே மொபைல் நிறுவனம்தான் டிஎன்எஸ்ஸை அடைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அது தவறு. எங்கள் கான்ஃபிக்கில் `AllowedIPs = 0.0.0.0/0` இருக்கிறது. எல்லாமே சுரங்கம் வழியாகத்தான் போக வேண்டும் என்ற அமைப்பு அது. இந்த அமைப்பில் விண்டோஸ் வயர்கார்டு, கான்ஃபிக்கில் DNS வரியில் எழுதியிருக்கும் சர்வரைத் தவிர வேறு யாரிடமும் 53-ஆம் போர்ட்டில் பெயர் கேட்க விடாது. கேள்வி வெளியே கசியக் கூடாது என்பதற்காக அது செய்யும் நல்ல காரியம்தான். அதனால் என் சோதனையைத் தடுத்தது என் கணினியேதான். சோதிக்க வேண்டுமென்றால் DNS வரியையே மாற்றிவிட்டு மறுபடி இணைய வேண்டும். `DNS = 1.1.1.1` என்று மாற்றி இணைத்தேன். பெயர்கள் கிடைத்தன.

அதோடு குற்றவாளியும் தெரிந்துவிட்டது. பழைய வரி `DNS = 10.8.0.1`, அதாவது எங்கள் விபிஎன் சர்வரேதான். அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அந்த வாரம்தான் சர்வரைப் புதிதாக அமைத்திருக்கிறார். சுரங்கத்தின் பக்கமிருந்து வரும் பெயர்க் கேள்விகளை ஃபயர்வால் ஏற்கவில்லை. அவர் சர்வரில் ஒரு வரி சேர்த்தார்:

```
ufw allow in on wg0 to any port 53
```

நானும் DNS வரியைப் பழையபடி மாற்றினேன். 1.1.1.1-ஐ அப்படியே விட்டிருந்தால் வெளித் தளங்கள் திறந்திருக்கும், ஆனால் அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர்கள் அதற்குத் தெரியாது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கூகுள் திறந்தது, யூடியூப் ஓடியது. வங்கித் தளமும் எங்கள் கணக்குத் தளமும் மட்டும் Establishing secure connection என்று கீழே காட்டியபடி சுற்றிக்கொண்டே இருந்தன. nslookup இரண்டுக்கும் சரியான முகவரியைச் சொன்னது. ஆக, இது பெயர்ச் சிக்கல் இல்லை.

சில தளம் வரும், சில தளம் பாதியில் தொங்கும் என்றால் பாக்கெட்டின் அளவைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னோர் உறைக்குள் போட்டு அனுப்புகிறது. ஐபிவி4-இல் அந்த உறைக்கு 60 பைட் ஆகும். சுரங்கத்துக்குள் ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய உச்ச அளவு, அதாவது எம்டியு, வழக்கமாக 1420. அதனால் நிரம்பிய பாக்கெட் ஒன்று உறையோடு சேர்ந்து 1480 பைட். என் கோவை வீட்டு பிராட்பேண்டில் 1492 வரை போகும் என்பதால் அங்கே இந்தச் சிக்கலைப் பார்த்ததே இல்லை. ஹேண்ட்ஷேக் என்பது போக 148 பைட், வர 92 பைட். பெயர்க் கேள்வியும் சின்னது, பிங்கும் சின்னது. சின்னதெல்லாம் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது தளம் அனுப்பும் சான்றிதழ்தான் பல ஆயிரம் பைட், நிரம்பிய பாக்கெட்டுகளாக வரும். அங்கேதான் மாட்டுகிறது.

கூகுள் மட்டும் எப்படி வந்தது என்பது என்னை ரொம்ப நேரம் குழப்பியது. அது க்விக் என்ற வேறு முறையில் பேசுகிறது. க்விக் 1200 பைட்டை ஒட்டிய பாக்கெட்டுகளில் தொடங்கும், உறையோடு சேர்த்தாலும் 1400-ஐத் தாண்டாது. வங்கித் தளமோ பழைய டிசிபியில் பேசுகிறது.

பாதையின் உண்மையான அளவை அளக்க விபிஎன்னை நிறுத்திவிட்டு, அதே ஹாட்ஸ்பாட்டிலிருந்து சர்வரின் பொது முகவரிக்கு 'துண்டாக்காதே' என்ற குறியோடு பிங் கொடுத்தேன். (இங்கே இருப்பது மாதிரி முகவரி.)

```
ping -f -l 1472 203.0.113.10
ping -f -l 1372 203.0.113.10
```

1472 போகவில்லை, 1412 போகவில்லை. 1372 போனது, 1373 போகவில்லை. இதில் தலைப்புக்கு 28 பைட் சேர்த்தால் பாதையின் அளவு 1400. தோற்றபோது வந்த செய்தியும் கவனிக்க வேண்டியது. Packet needs to be fragmented என்று வந்தால் வழியில் யாரோ 'பெரிதாக இருக்கிறது' என்று நேர்மையாகச் சொல்கிறார்கள், கணினி அதைக் கேட்டுத் தானே குறைத்துக்கொள்ளும். எனக்கு வந்தது Request timed out மட்டும். பாக்கெட்டை வாங்கி, சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அனுப்பியவருக்குத் தகவலே வராததால் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

1400-இல் உறைக்கு 60 போனால் 1340. கான்ஃபிக்கில் [Interface] பகுதியில் ஒரு வரி:

```
MTU = 1340
```

இணைத்த உடனே வங்கித் தளம் வந்துவிட்டது. என் பக்கம் மட்டும் மாற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெரிய பாக்கெட் எப்படிக் குறையும் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே என் கணினி 'ஒரு துண்டில் 1300 பைட்டுக்கு மேல் அனுப்பாதே' என்று சொல்லிவிடுகிறது. தளமும் அதன்படியே அனுப்புகிறது.

சர்வருக்கு ஐபிவி6 வழியாகப் போகிறவர்கள் உறைக்கு 80 கழிக்க வேண்டும். 1280-க்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம், ஐபிவி6-க்கு அதுதான் குறைந்தபட்சம், அதற்குக் கீழே சுரங்கத்துக்குள் ஐபிவி6 ஓடாது. கோவைக்குத் திரும்பிய பிறகும் 1340-ஐ மாற்றவில்லை, வேகத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணனிடம் இந்த எண்களைக் காட்டினேன். வெளியூரில் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேர் 'வங்கித் தளம் மட்டும் வரவே மாட்டேங்குது' என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்களாம். அவர்களுக்கும் அந்த ஒரு வரியைச் சேர்த்துப் புது கான்ஃபிக் அனுப்பிவிட்டார்.