"அதை விட்டு இருபது வருஷம் ஆச்சே"

கடலூரில் நான் டாக்டராக இருக்கும் ஆலையில், வருடாந்திர மருத்துவப் பரிசோதனை அட்டையில் 'தற்போதைய பணி' என்று ஒரு கட்டம்தான் உண்டு. கேட்டில் நின்ற ஒருவருக்கு அதில் 'செக்யூரிட்டி' என்று எழுதியிருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது எல்லாம் முடிந்து சட்டையை மாட்டும்போது கேட்டார்: "டாக்டர், சின்ன வயசுல வடக்க சாயக் கம்பெனியில இருந்தேன். அதால எதுவும் வருமா?"

"அதை விட்டு இருபது வருஷம் ஆச்சே" என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதில் கவலைப்பட வேண்டிய பகுதியே அந்த இருபது வருஷம்தான்.

அங்கே அவர் பார்த்த வேலையைப் பிறகுதான் விவரமாகக் கேட்டேன். 1982இல், 22 வயதில் சேர்ந்திருக்கிறார். மரத்தொட்டியில் ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டு, குளிர் ஐந்து டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, பென்சிடின் என்ற சாய மூலப்பொருளை ஆசிட்டிலும் நைட்ரைட்டிலும் கரைப்பது. காங்கோ ரெட், டைரக்ட் பிளாக் மாதிரிச் சாயங்களுக்கு அதுதான் முதல் படி. பவுடரை எடைபோடும்போதும், தொட்டியில் கொட்டும்போதும், ஃபில்டர் பிரஸ் துணியைக் கழற்றிக் கழுவும்போதும் அது உடம்பில் படும். மூச்சில் போவது ஒரு பங்கு என்றால் தோல் வழியாகப் போவதும் கணிசம். "குளிச்சிட்டுப் படுத்தாலும் தலகாணி உறையில கலர் ஏறும்" என்றார். அந்த ஒரு வரி பல ஆய்வக அறிக்கைகளுக்குச் சமம். ஏழு வருஷம் கழித்து, 1989இல் ஊர் திரும்பிவிட்டார்.

பென்சிடின் உடம்பில் அப்படியே தங்கிவிடுவதில்லை. ஈரல் அதை வேறொரு பொருளோடு கட்டிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. சிறுநீர்ப்பையில் அமிலத்தன்மை கூடும்போது அந்தக் கட்டு அவிழ்ந்து, பையின் உட்சுவர்ச் செல்களின் மரபணுவில் போய் ஒட்டுகிறது. சில நாளில் பொருள் வெளியேறிவிடும், மரபணுவில் அது போட்ட கீறல் மட்டும் தங்கிவிடும். ஒரு கீறலால் மட்டும் புற்றுநோய் வந்துவிடாது. அதே செல்வழியில் இன்னும் சில பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும், அதற்கு வருஷக்கணக்கு ஆகும். ஆகவே கணக்கை வேலையை விட்ட நாளிலிருந்து தொடங்கக் கூடாது. தொட்டியில் முதன்முதலாகக் கை வைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தெரிந்தது 2016இல். முதல் தொடுகைக்கு 34 வருஷம், கடைசித் தொடுகைக்கு 27 வருஷம் கழித்து.

சாயத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை ஜெர்மனியில் லுட்விக் ரேன் 1895இலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். இது புதுச் செய்தியே இல்லை. சூடு தாங்கும் நாரான ஆஸ்பெஸ்டாசிலும் இதே கதைதான். பிரிட்டனில் அதன் பயன்பாடு 1960, 70களில் உச்சத்தில் இருந்தது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோயால் அங்கே ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கும் மேல் சாவது இந்த நூற்றாண்டில்தான். இன்று ஒரு ஆலையில் நோயாளி யாரும் இல்லை என்பதை வைத்து அந்த ஆலை சுத்தம் என்று சொல்ல முடியாது. இன்று நோயாளி இருக்கிறார் என்பதற்காக இன்றைய ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது. கடலூர் கேட்டில் நின்றவருக்கு வந்த நோய் கடலூருடையது அல்ல.

எனக்காக நானே வாதாடவும் செய்கிறேன். அன்று சரியாகச் சொல்லியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? நோய்க்குறி இல்லாதவர்களின் சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருந்தால் சாவு குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பட்டை முக்கிப் பார்க்கும் சோதனையில் ரத்தம் ஒரு நாள் காட்டும், மறுவாரம் காட்டாது. அவருக்கு பீடிப் பழக்கமும் இருந்தது. புகையிலைப் புகையிலும் பென்சிடின் குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. ஒரு தனி மனிதனின் கட்டியைப் பார்த்து, இது சாயம், இது பீடி என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

இந்த வாதமெல்லாம் ஒரே இடத்தில் வந்து இடறுகிறது. வலியே இல்லாமல் சிவப்பாகச் சிறுநீர் போனதை அவர் ஆறு மாதம் "உடம்பு சூடு" என்று இளநீரும் நுங்குமாகக் கழித்திருக்கிறார். நடுவில் சில வாரம் தானாகவே நின்றுபோனதால் இளநீர் கேட்டது என்று நம்பினார். இந்த நோயின் குணமே அப்படித்தான், வரும், நிற்கும், திரும்ப வரும். 'வலி இல்லாமல் ஒரு தடவை சிவப்பாகப் போனாலும் நிற்பதற்குக் காத்திருக்காமல் வாங்க, சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்யணும்' என்று ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா, மிச்ச வருஷமெல்லாம் பயத்தோடு வாழ்ந்திருப்பாரா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்போது அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: பதினெட்டு வயதிலிருந்து எந்த ஊர், என்ன வேலை, கையில் என்ன பட்டது, துணியில் என்ன ஒட்டியது. போன வாரம் கேன்டீன் மாஸ்டர் வந்தார். இளமையில் கப்பலில் கொஞ்ச காலமாம். என்ன வேலை என்றேன்.

"எஞ்சின் ரூம்ல நீராவிக் குழாய்க்கு வெள்ளையா ஒரு பூச்சு இருக்கும் சார். பழசை உடைச்சு எடுத்துட்டுப் புதுசு பூசுவோம். அறை முழுக்கப் பஞ்சு மாதிரி பறக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 1979 என்று எழுதிக்கொண்டேன். "ஏன் சார், அதுல எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.