96.8 பெரியவர்களும் பத்து ரூபாய் கணக்கும்

விடையில் 96.8 பெரியவர்கள் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? அழித்துவிட்டுத் திரும்பப் போடும். என் மகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். அழித்து அழித்து, அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு, இரு மாறி நேரியல் சமன்பாடுகள். டியூஷனில் கொடுத்த ஜெராக்ஸ் தாள். கேள்வி இதுதான்: பள்ளி நாடகத்துக்கு மொத்தம் 240 டிக்கெட் விற்றது. பெரியவர் டிக்கெட் 80 ரூபாய், சிறுவர் டிக்கெட் 30 ரூபாய். வசூல் 12,040 ரூபாய். பெரியவர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர்?

சமன்பாடு அமைப்பதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. பெரியவர் எண்ணிக்கை x, சிறுவர் எண்ணிக்கை y.

x + y = 240
80x + 30y = 12040

முதல் வரியை 30-ஆல் பெருக்கிக் கழித்தால் 50x = 4840. அதாவது x = 96.8, y = 143.2. நீக்கல் முறையில் இப்படி வந்ததும் பிரதியிடல் முறையில் போட்டுப் பார்த்தாள். அதே 96.8. "எங்கேயோ தப்பு பண்றேன்மா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. முழு எண் வராததால் மட்டும் நம் கணக்கு தப்பு என்று ஆகிவிடாது. கிடைத்த விடையைக் கேள்வியில் இருக்கும் இரண்டு வாக்கியங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 96.8-ஐ 80-ஆல் பெருக்கினால் 7,744. 143.2-ஐ 30-ஆல் பெருக்கினால் 4,296. கூட்டினால் சரியாக 12,040. டிக்கெட்டும் 240. இரண்டு சமன்பாட்டுக்கும் விடை பொருந்துகிறது என்றால் பிள்ளையின் கூட்டல் கழித்தலில் குறையே இல்லை. ஒன்று, சமன்பாடு கேள்வியில் சொன்னபடி அமையவில்லை. அல்லது கேள்வியே தப்பு. சமன்பாட்டைக் கேள்வியோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. ஆக, குற்றவாளி அந்த ஜெராக்ஸ் தாள்தான்.

மறுநாள் தாளோடு டியூஷனுக்குப் போனேன். சார் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னம் வந்தா பக்கத்து முழு எண்ணுக்கு மாத்திக்கணும் மேடம். 97, 143-ன்னு எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேட்ச் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார். அடுத்த நாள் வரச் சொன்னார். போனால், அன்று அவர் லீவு. பேருந்துக் காசு தண்டம்.

நீளத்தை அளந்தால் முழுமையாக்கலாம். ஆளை எண்ணும்போது முழுமையாக்கினால் வசூல் மாறிவிடும். வீட்டில் 97-ஐயும் 143-ஐயும் வைத்துப் பார்த்தோம். 7,760-ம் 4,290-ம் சேர்ந்து 12,050. "மிச்சப் பத்து ரூபாயை யாரு குடுத்தாம்மா?" என்றாள் மகள். சாரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று முடிவு செய்தேன்.

ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது, இந்த எண்கள் சேர்ந்து வரவே வராது என்று எழுதிக் காட்ட வேண்டும். அதற்கு x, y கூடத் தேவையில்லை. வந்த 240 பேரும் சிறுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 7,200. ஒரு சிறுவருக்குப் பதில் ஒரு பெரியவரை உட்கார வைத்தால் வசூல் 50 ரூபாய் ஏறும். இன்னொருவரை மாற்றினால் இன்னொரு 50. எத்தனை பேரை மாற்றினாலும் வசூல் ஐம்பது ஐம்பதாகத்தான் ஏறும். 7,250 வரும், 7,300 வரும், 12,000 வரும், 12,050 வரும். நடுவில் 12,040 வர வழியே கிடையாது. நீக்கல் முறையில் வந்த 50x = 4840 சொல்வதும் இதையேதான்; 4,840-ல் ஐம்பது மீதியில்லாமல் போகாது. டிக்கெட் கணக்கு எதை எடுத்தாலும் முதலில் விலை வித்தியாசத்தை வைத்து இந்தச் சோதனையைப் போட்டுவிடுங்கள், அரை நிமிடம் ஆகாது.

அப்படியானால் சரியான எண் என்ன? நான் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பது எங்களுக்குக் கைப்பழக்கம். 12,040-ல் நாலையும் அதன் முன்னால் இருக்கும் சைபரையும் இடம் மாற்றினால் 12,400. வித்தியாசம் 360, ஒன்பதால் வகுபடுகிறது. 12,400-ல் 7,200 போக 5,200. ஐம்பதால் வகுத்தால் 104. மீதி 136 சிறுவர். கச்சிதம். ஆனாலும் இது ஊகம்தான். வசூல் சரியாக இருந்து, டிக்கெட் எண்ணிக்கை 243 என்பது 240 ஆகியிருந்தாலும் முழு எண் வரும்: 95 பெரியவர், 148 சிறுவர். அதனால் பிள்ளைகளே எண்ணைத் திருத்திக்கொண்டு விடை எழுதுவது ஆபத்து. கேள்வி பொருந்தவில்லை என்று காரணத்தோடு எழுதிவிட்டுக் கேட்பதுதான் சரி.

இந்தத் தடவை மகளையே பேச விட்டேன். 97, 143 போட்டு 12,050 வருவதைக் காட்டி, பத்து ரூபாயைக் கேட்டாள். சார் கொஞ்சம் முறைத்தார். பிறகு விடைகள் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினார். 104, 136. டைப் அடிக்கும்போது இலக்கம் மாறியிருக்கிறது. "சரி, 12,400-ன்னு மாத்திக்கோ" என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை. போகட்டும், அந்த பேட்ச் முழுக்க அதே தாள்தானே. எல்லோருக்கும் திருத்திச் சொன்னார்.

வந்தது வந்தோம் என்று மூன்றாவது கேள்வியையும் நீட்டினாள். 2 பெரியவர், 3 சிறுவர் கொண்ட குடும்பம் 250 ரூபாய் கொடுத்தது. 4 பெரியவர், 6 சிறுவர் கொண்ட குடும்பம் 500 ரூபாய் கொடுத்தது. டிக்கெட் விலை என்ன? இங்கே விலைதான் தெரியாதது, அதனால் x, y இரண்டும் ரூபாய். முந்தைய கேள்வியில் ஆள், இதில் ரூபாய். x = பெரியவர் என்று மொட்டையாக எழுதும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அது ஒருபுறம் இருக்க, இதை நீக்கல் முறையில் போட்டால் எல்லாம் அடிபட்டு 0 = 0 என்று நிற்கும். இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் இரட்டிப்பு, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 80-ம் 30-ம் பொருந்தும், இரண்டு டிக்கெட்டும் ஐம்பது ஐம்பது என்றாலும் பொருந்தும். அந்த 500 மட்டும் 480 என்று இருந்திருந்தால் 0 = 20 என்று முரண்டு பிடிக்கும்; அப்போது எந்த விலையும் பொருந்தாது.

இதை சார் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவது குடும்பத்தை அடித்துவிட்டு 3 பெரியவர், 2 சிறுவர், 300 ரூபாய் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். நல்ல கேள்வி இது. 2, 3 என்பது 3, 2 என்று திரும்பி வந்தால் பெருக்கல் எதுவும் வேண்டாம். இரண்டு வரியையும் கூட்டினால் 5x + 5y = 550, அதாவது x + y = 110. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் x − y = 50. பெரியவர் 80, சிறுவர் 30. பேருந்து வருவதற்குள் நிறுத்தத்திலேயே போட்டு முடித்துவிட்டாள்.