எந்த வரியை வைத்துக்கொள்வது?

கோவையில் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு சிறு கடையின் வாடிக்கையாளர் பட்டியலைச் சென்ற ஆண்டு சீர்செய்து கொடுத்தேன். பழைய எக்செல் கோப்பு ஒன்று, பில் போடும் மென்பொருளிலிருந்து எடுத்தது இன்னொன்று. இரண்டையும் யாரோ ஒரே தாளில் ஒட்டியிருந்தார்கள். ஒப்பந்தம் முடியப் போகிறது என்ற நினைவூட்டல் ஒரே ஆளுக்கு இரண்டு முறை போக, திட்டு வாங்கியவர் கடைக்காரர்.

எக்செலில் `Remove Duplicates` என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா என்று அவர் கேட்டார். அந்தப் பொத்தான் மேலே இருக்கும் வரியை வைத்துக்கொண்டு கீழே இருப்பவற்றைத் தூக்கிவிடும். எது நல்ல வரி என்று அதற்குத் தெரியாது. அதைவிட, ஒருவருடைய தொலைபேசி எண்ணையே ஒரு வரியில் 0 சேர்த்தும், இன்னொன்றில் +91 சேர்த்தும், நடுவில் இடைவெளி விட்டும் எழுதியிருந்தார்கள். நமக்கு ஒரே எண், எக்செலுக்கு மூன்று. ஆகவே முதலில் K என்ற புதிய பத்தியில் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்தேன்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),CHAR(160),""),"-",""),10)
```

`CHAR(160)` என்பது இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலத்தான் இருக்கும், ஆனால் `TRIM` அதைத் தொடாது. தொலைபேசி எண்ணே இல்லாத வரிகளைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்டேன். இல்லாவிட்டால் அவை எல்லாம் ஒரே ஆளாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு விபரீதம் தென்பட்டது. சம்பந்தமே இல்லாத பலர் ஒரே எண்ணில் வந்து நின்றார்கள். எல்லா எண்களும் ஆறு சுழியங்களில் முடிந்தன. 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் 9.19877E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். காட்டும்வரை பாதகமில்லை. அந்த நிலையிலேயே CSV ஆகச் சேமித்தால் திரையில் தெரிவது மட்டும்தான் கோப்பில் போகும்; மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அவற்றைச் சரிசெய்யச் சூத்திரம் கிடையாது. பில் மென்பொருளிலிருந்து கோப்பை மறுபடி எடுத்து, அந்தப் பத்தியை எழுத்தாக இறக்கினேன்.

இனி எதை வைப்பது. ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். 214ஆம் எண் வரியில் முழு முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தன; கடைசி சர்வீஸ் 2021. 1087ஆம் எண் வரியில் 2024 மார்ச்சில் சர்வீஸ் நடந்திருந்தது. முகவரியோ வெறும் ‘சிங்காநல்லூர்’. புதியதை வைத்தால் மெக்கானிக் தெருத் தெருவாக அலைவார். பழையதை வைத்தால் மூன்றாண்டாக வராதவர் என்று கணக்காகிவிடும். முழு வரியைத் தேர்ந்தெடுப்பதே தவறான கேள்வி என்று அப்போதுதான் முடிவுக்கு வந்தேன். ஒவ்வொரு பத்திக்கும் தனி விதி வேண்டும்.

```
=MINIFS(A:A,K:K,K2)
=MAXIFS(F:F,K:K,K2)
=SUMIFS(G:G,K:K,K2)
```

முதலாவது பழைய வாடிக்கையாளர் எண்ணைத் தக்கவைக்கிறது. பழைய பில்களில் இருப்பது 214 என்பதால் அதுதான் நிலைக்க வேண்டும். 1087 இனி 214 என்ற பொருத்தப் பட்டியலும் அதே பத்தியில் தானாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கடைசி சர்வீஸ் தேதி. மூன்றாவது பாக்கித் தொகை. முகவரியைக் கண்ணால் பார்த்து முழுமையானதை எடுத்தேன். குறுஞ்செய்தி வேண்டாம் என்று ஏதாவது ஒரு வரியில் சொல்லியிருந்தாலும் வேண்டாம்தான். எத்தனை வரிகளில் ‘சரி’ இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக் கூடாது.

பாக்கியைக் கூட்டுவதில் ஒரு எச்சரிக்கை. இந்த வாடிக்கையாளரின் இரண்டு வரிகளிலும் 850 ரூபாய் பாக்கி இருந்தது. கூட்டினால் 1,700. பில் புத்தகத்தைப் புரட்டியபோது, புதிய மென்பொருளுக்கு மாறிய நாளில் பழைய பாக்கியையே தொடக்கத் தொகையாக ஏற்றியிருந்தது தெரிந்தது. உண்மைப் பாக்கி 850தான். இரு வரிகளிலும் ஒரே தொகை வந்தால் பில்லைப் பார்க்காமல் கூட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எண் ஒன்று, முகவரி வேறு வேறு என்றிருந்த வரிகளை நான் தொடவில்லை. கடைக்காரர் அந்த எண்களுக்குப் பேசிப் பார்த்தார். ஒருவர் வீட்டு உரிமையாளர். மூன்று வாடகை வீடுகளின் இயந்திரங்களுக்கும் தன் எண்ணையே கொடுத்திருக்கிறார். அந்த மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் இயந்திரத்தின் வரிசை எண்ணுக்கு ஒரு பத்தி மட்டும் சேர்த்தோம். நினைவூட்டலும் இப்போது எந்த வீட்டு இயந்திரத்துக்கு என்று சொல்லியே போகிறது.