ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், எதிர் ஜன்னல்: அறிவியல் புனைகதைப் போட்டிக்கு உலக விதி அமைக்கும் வழி

"2150-ஆம் ஆண்டு. பூமியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. விஞ்ஞானிகள் ஒரு அற்புதக் கருவியைக் கண்டுபிடித்தார்கள்." பள்ளிப் போட்டிக் கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன, சறுக்குவதும் இங்கேதான். கருவி எவ்வளவு தரும், எதைக் கேட்கும், எப்போது தராது என்பது எழுதியவருக்கே தெரியாது. அதனால் கதை எங்கே முட்டுகிறதோ அங்கே கருவிக்கு ஒரு புதுச் சக்தி முளைத்துவிடும். படிக்கிற நடுவர் அந்த இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

உலக விதி என்பது பெரிய விஷயமில்லை. கதையில் ஒரே ஒரு பொய் சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு. மீதி எல்லாம் நம் ஊரில் இன்று நடக்கிறபடியே நடக்க வேண்டும். அந்த ஒரு பொய்யை மூன்று துண்டாக எழுதிப் பாருங்கள்: அது என்ன செய்யும், என்ன செய்யாது, பதிலுக்கு என்ன வாங்கிக்கொள்ளும். மூன்றாவது துண்டுதான் கதை. அதை எழுதாமல் விட்டால் கையில் இருப்பது விளம்பரம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பாலாற்றங்கரை ஊர் ஒன்று, ஆம்பூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது, போர் தண்ணீர் உப்பு. இதற்குக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு 2150 வரை போக வேண்டாம்.

நம் பொய் இது: காற்றிலிருந்து தண்ணீரைப் பிழியும் ஒரு பாய். ஜன்னலில் தொங்கவிட்டால், கரண்ட் இல்லாமல், ஓர் இரவில் ஒரு குடம், அதாவது 15 லிட்டர் தரும். ஊர்க்காரர்கள் இதை "வளிமண்டல நீர் சேகரிப்பான்" என்று அழைக்க மாட்டார்கள். "பனிப்பாய்" என்பார்கள். பெயரை வீட்டுக்குள் புழங்குகிறவர் வாயால் வைத்தாலே பாதி நம்பகம் வந்துவிடும். பொய்யும் வானத்திலிருந்து குதித்ததில்லை. காற்றின் ஈரத்தையும் பிடித்து வைக்கக்கூடிய நுண்துளைப் பொருள்களை உருவாக்கியதற்காக 2025-இல் கிடகாவா, ராப்சன், யாகி என்ற மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள்கள் இரவில் ஈரத்தைப் பிடித்து, பகலில் வெயில் சூட்டில் விடும். நாம் கூட்டிச் சொல்வது அளவும் வேகமும், வெயிலுக்குக் காத்திராமல் இரவிலேயே நீரை விடுவதும் மட்டும்தான்.

இனி கணக்கு. இதற்கு ஒரு ரஃப் நோட்டுப் பக்கம் போதும், கதைக்குள் இந்த எண்கள் ஒன்றுகூட வரப்போவதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மே மாத இரவில் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்தால் உள்ளே இருப்பது 15 கிராம். பாய் அதில் பாதியைப் பிடித்தால் ஏழரை கிராம். அப்படியானால் 15 லிட்டருக்கு 2000 கன மீட்டர் காற்று பாய் வழியாகப் போக வேண்டும். ஆறு மீட்டர் நீளம், ஆறு அகலம், மூன்று உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர்தான் இருக்கும். ஆக, ஒரு குடத்துக்குப் பதினெட்டு வகுப்பறைக் காற்றுக்கு மேல் வேண்டும். மூடிய அறைக்குள் பாயை மாட்டினால் ஒரு லிட்டர்கூடத் தேறாது. ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். விதியின் இரண்டாவது துண்டு, அதாவது அது செய்யாதது, நாம் யோசிக்காமலே கிடைத்துவிட்டது.

மூன்றாவது துண்டுக்குப் பலருக்கு முதலில் தோன்றுவது: மேலத்தெருக்காரர்கள் ஈரத்தை எல்லாம் பிடித்துக்கொண்டால் கீழத்தெருவுக்கு வறண்ட காற்றுதானே போகும்? இரண்டு தெருவுக்கும் சண்டை! கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கில் நிற்காது. இருபது வீட்டுக்கு ஓர் இரவு முழுக்கத் தேவைப்படும் காற்று 40,000 கன மீட்டர். 100 மீட்டர் நீளத் தெரு, ஆறு மீட்டர் உயர வீடுகள், அவற்றின் குறுக்கே வினாடிக்கு ஒரு மீட்டர் மெல்லிய காற்று வீசினாலே ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் அவ்வளவு காற்றும் வந்து போய்விடும். கீழத்தெரு வறளாது. இயற்பியல் ஆசிரியர் நடுவராக இருந்தால் இதைத் தாளின் ஓரத்தில் எழுதியே காட்டிவிடுவார்.

ஆனால் கணக்கு ஒரு கதவை மூடும்போது இன்னொன்றைக் காட்டிக் கொடுக்கும். நீராவி நீராகும்போது தன்னுள் இருக்கும் உள்ளுறை வெப்பத்தை வெளியே விட்டே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ள கிலோவுக்கு 2260 கிலோஜூல் என்பது கொதிநிலைக்கு உரியது, 30 டிகிரியில் அது சுமார் 2430. ஒரு குடத்துக்கு ஏறக்குறைய 36,000 கிலோஜூல், மின்சாரக் கணக்கில் 10 யூனிட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் பத்து மணி நேரம் போட்டு வைத்த சூடு. இந்தச் சூடு போவது பாயைக் கடந்து வெளியேறும் அதே காற்றில்தான். ஒரு கன மீட்டருக்கு ஏழரை கிராம் என்று வகுத்துப் பார்த்தால் அந்தக் காற்று 15 டிகிரி ஏறிவிடுகிறது. 30-ல் நுழைந்தது 45-ல் வெளியே வரும்.

பாய்க்கு ஒரு முதுகு இருக்கிறது, அந்த முதுகு அனல் கக்குகிறது. திறந்த தெருவில் அந்தச் சூடு கலைந்து போகும். நான்கடிச் சந்தில், காற்று மெல்ல மட்டும் அசையும் இரவில், எதிர் வீட்டு ஜன்னலுக்குள் நேராகப் போகும். ஏசியின் வெளிப்பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தவர்கள் வாங்கிய ஏச்சு நமக்குத் தெரியாததா? பாயைத் திருப்பி மாட்டினால் நம் அறையே அடுப்பு. இரண்டு தெருச் சண்டை இரண்டு ஜன்னலாகச் சுருங்கிவிட்டது. 800 சொல் கதைக்கு இதுதான் சரியான அளவு.

இதே விதியிலிருந்து நேர அட்டவணையும் வரும். அக்னி நட்சத்திரப் பகலில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் பாய் பிடிப்பது ஆறு கிராம் சொச்சம், வெளியே வரும் காற்று 53 டிகிரி. பகலில் எவரும் பாயை விரிக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் பாய் அதிகம் தரும், அப்போது அது யாருக்கும் வேண்டாம். தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் குறைவாகத் தருகிற கருவி, எப்போதும் ஒரே மாதிரி தரும் கருவியைவிட நம்பும்படி இருக்கும்.

அடுத்து, பாய் மாற்றாததை யோசியுங்கள். இதைப் போட்டிக் கதைகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. ஒரு குடம் நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். குளிக்க, துவைக்க உப்புத் தண்ணீர்தான், லாரியும் வந்துகொண்டுதான் இருக்கும். காற்றிலிருந்து வந்த தண்ணீரில் உப்புகள் இல்லை, ஆகவே வாய்க்குச் சப்பென்று இருக்கும். உப்புத் தண்ணீரில் பழகிய கிழவர் "இதுல ருசியே இல்ல" என்று முகம் சுளிப்பார். ஆனால் கடின நீரில் வேகாமல் அடம்பிடிக்கும் துவரம்பருப்பு இதில் சீக்கிரம் வெந்துவிடும். பருப்பு வெந்ததை ஒரு வரியில் எழுதுங்கள், கருவியைப் பற்றிப் பத்து வரி விளக்கியதைவிட அது வேலை செய்யும்.

கதைக்குள் விதியை எப்படிக் கொடுப்பது? விளக்கம் மொத்தம் இரண்டு வாக்கியம், அதுவும் வாசகர் பாயை ஒருமுறை பார்த்த பிறகு. அதற்கு முன் யாராவது அதனால் அவதிப்பட வேண்டும்:

"ஆயா, பாயை அப்பால திருப்பு. எதிர் வூட்டுப் புள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு."
"குடம் ரொம்பட்டும்டா. அப்புறமா திருப்புறேன்."

பாய் என்ன தருகிறது, சூடு எந்தப் பக்கம் போகிறது, யார் கொடுக்கிற விலை என்ன, மூன்றும் இரண்டு வரியில் வந்துவிட்டன. "உனக்குத்தான் தெரியுமே, பனிப்பாய் என்பது..." என்று ஒரு பாத்திரம் தெரிந்ததையே இன்னொன்றுக்கு வகுப்பெடுக்கும் உரையாடல் இருந்தால் அடித்துவிடுங்கள். வீட்டில் மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

முடிவில்தான் விதி அதிகம் உடைகிறது. பேரன் சூடே வராத புதுப் பாயைக் கண்டுபிடித்தான் என்று முடித்தால், அதுவரை நாம் வாங்கிய விலை செல்லாமல் போகிறது. முடிவு விதிக்குள்ளேயே கிடக்கிறது: ஆயா பாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வாசலில் படுக்கலாம், அல்லது இரண்டு வீடும் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய் விரிக்கலாம், அல்லது குடத்தில் பாதி சந்துக்கு அந்தப் பக்கம் போகலாம். எதைத் தேர்ந்தாலும் சூடு எங்கோ போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். வேற்றுக்கிரகச் செய்தி காவலூர் வானாய்வகத்தில் "பீப் பீப்" என்று கேட்பதாக எழுதுவார்கள். ஜவ்வாது மலையில் இருப்பவை ஒளியைப் பிடிக்கும் தொலைநோக்கிகள், பெரியதன் ஆடி 2.34 மீட்டர். அங்கே எதுவும் கேட்காது, தெரியத்தான் செய்யும். ஊர்ப் பெயரை எடுத்தால் ஊர் உண்மையும் கூடவே வர வேண்டும். அதில் இடறினால் நீங்கள் கவனமாகக் கட்டிய பொய்யையும் நடுவர் சந்தேகிப்பார்.

எழுதி முடித்ததும் பென்சிலால் பாய் வரும் இடங்களை எல்லாம் கோடிடுங்கள். தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடமாவது இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் பாய் இல்லாமலே உங்கள் கதை நடக்கிறது என்று பொருள். பிறகு அந்த இரண்டு விளக்க வாக்கியங்களைக் கையால் மறைத்து, ஏழாம் வகுப்பில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ படிக்கச் சொல்லுங்கள். சூடு எந்த ஜன்னலுக்குப் போகிறது என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிடலாம்.