டீசல் காசைப் பிரிக்கப் போய் கண்டுபிடித்தது

எங்கள் அபார்ட்மெண்டில் 16 வீடு. சென்னையின் தெற்குப் புறநகர், கோடை வந்தால் ராத்திரியில் கரண்ட் போவது சகஜம். பில்டர் விட்டுப்போன 25 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. வாட்ச்மேன் சாவி போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீட்டு டிபியிலும் ஏசிசிஎல் இருப்பதால் ஈபி போனால் வீடு தானாக ஜெனரேட்டருக்கு மாறும். ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுத்தால் கட் ஆகிவிடும். அதாவது ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் ஓடும், ஏசி ஓடாது. இதெல்லாம் உங்கள் பில்டிங்கிலும் இப்படித்தான் இருக்கும்.

போன மே மாதம் 160 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 14,720 ரூபாய், வீட்டுக்கு 920. நான் பொருளாளர் என்பதால் குரூப்பில் கணக்கைப் போட்டேன், அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. இரண்டு பெட்ரூம்காரர் யூடிஎஸ்படி, அதாவது நிலத்தில் அவரவருக்கு உள்ள பாகத்தின்படி பிரி என்கிறார், மூன்று பெட்ரூம்காரர் சமமாகப் பிரி என்கிறார், அமெரிக்காவில் பிள்ளையோடு இருக்கும் மாமா, பூட்டின வீட்டுக்கு எதற்குக் காசு என்கிறார். இரண்டாம் மாடிக்காரர்தான் எல்லாரையும் மிஞ்சினார். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு சார், உங்க ஜெனரேட்டர நான் தொடறதே இல்ல. நான் ஏன் தரணும்?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நியாயம்தானே என்றுகூட இருந்தது.

நடுவில் டீசல் தீர்ந்து பெட்ரோல் பங்குக்குப் போனால் கேனில் தரமாட்டேன் என்றார்கள். அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஜெனரேட்டருக்கு என்று எழுதி சீல் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். சீல் செயலாளர் வீட்டில், செயலாளர் கும்பகோணத்தில். அந்த ராத்திரி முழுக்க இருட்டு, மறுநாள் முழுக்க எனக்குத் திட்டு. இப்போது சீல் வைத்த லெட்டர் நான்கு காப்பி என் பைக் பெட்டியிலேயே இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் திரும்பியது சர்வீஸுக்கு வந்த மெக்கானிக்கால். சைலன்சர் முனையில் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார், தார் மாதிரி கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. "லோடே இல்லாம மணிக்கணக்கா ஓட விட்டிருக்கீங்க சார். இஞ்சின் சூடாகாம எரியாத டீசல் வெளிய வருது, பாருங்க." ராத்திரியெல்லாம் 16 வீடும் அதில்தானே ஓடுகிறது, எப்படி லோடு இல்லாமல் போகும் என்று கேட்டேன். பேனலில் இருந்த ஹவர் மீட்டரைக் காட்டி, இதைக் கரண்ட் இல்லாத நேரத்தோடு ஒத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதம் கரண்ட் இல்லாமல் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 32 மணி. ஹவர் மீட்டரின் இப்போதைய ரீடிங்கிலிருந்து, போன சர்வீஸ் அன்று மெக்கானிக் ரசீதில் எழுதிய ரீடிங்கைக் கழித்தால் ஜெனரேட்டர் ஓடியது 75 மணி. அப்புறம்தான் உறைத்தது. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போகிறது, வாட்ச்மேன் பெரியவர் ஸ்டார்ட் செய்துவிட்டு வந்து படுக்கிறார். இரண்டு மணிக்கு ஈபி வந்துவிடுகிறது, ஏசிசிஎல் ஒவ்வொரு வீட்டையும் சத்தமில்லாமல் ஈபிக்கு மாற்றிவிடுகிறது. ஜெனரேட்டர் மட்டும் யாருக்கும் கரண்ட் கொடுக்காமல் விடியும்வரை சும்மா சுற்றுகிறது. விளக்கு அணைந்தால்தானே யாராவது கீழே போன் போடுவார்கள்! மூன்றாம் மாடியில் நீட்டுக்குப் படிக்கிற பையன் சொன்னான், "ஏசி ஓடிட்டிருக்கும் அங்கிள், கீழ ஜெனரேட்டர் சத்தமும் கேட்கும்." ஏசி ஓடினால் அது ஈபி. இவ்வளவு நாள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சும்மா சுற்றினாலே எங்கள் மெஷின் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கிறது. 43 மணிக்கு 64 லிட்டருக்கு மேல். நாங்கள் அடித்துக்கொண்டதில் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் யாருமே பயன்படுத்தாத டீசல்.

பெரியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஈபி வந்ததை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? தானாக ஆன், ஆஃப் ஆகிற ஏஎம்எஃப் பேனல் போடலாம் என்றார்கள், விலை கேட்டு எல்லாரும் அமைதியானார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஈபி வரும் பக்கத்தில் ரிலேயும் பஸ்ஸரும் வைத்தார். ஜெனரேட்டர் ஓடும்போது ஈபி வந்தால் வாட்ச்மேன் ரூமில் கத்தும், அணைக்கும்வரை நிற்காது. சில ஆயிரத்தில் முடிந்தது.

பிறகு பங்கு. டீசலில் ஒரு பகுதி மெஷின் சுற்றவே போகிறது, மீதிதான் வீடுகள் இழுப்பதற்கு. இரண்டையும் பிரித்தால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கில் கோடுவரை நிரப்பி, வீடுகளின் எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, மாடிப்படி லைட்டும் கேட் லைட்டும் மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினோம். திரும்பக் கோடுவரை நிரப்ப 3.6 லிட்டர் பிடித்தது, மணிக்கு 1.8. இது எல்லாருக்கும் சமம், பூட்டின வீட்டுக்கும் சேர்த்து. மீதியை அளக்க பேனல் ரூமில் வீட்டுக்குப் போகும் ஜெனரேட்டர் லைன் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சப்மீட்டர்.

முதல் மாதம் 30 மணி ஓடியது, 90 லிட்டர். சுற்ற 54 லிட்டர், 4,968 ரூபாய், வீட்டுக்கு 310 சொச்சம். மீதி 36 லிட்டர், 3,312 ரூபாய். மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து 130 யூனிட், அதாவது யூனிட் 25 ரூபாய்க்கு மேல். (ஈபி விலையோடு ஒப்பிட்டால் வயிறு எரியும், அதனால் நான் ஒப்பிடுவதில்லை.) அமெரிக்க மாமாவுக்கு 310 மட்டும். முனகினார், ஜிபே செய்துவிட்டார்.

அந்த மாதம் அதிக யூனிட் யாருக்குத் தெரியுமா? ஜெனரேட்டரைத் தொடாத இரண்டாம் மாடிக்காரருக்கு. மற்ற வீடுகள் எட்டு யூனிட் பக்கம், அவருக்கு 13. இன்வெர்ட்டருக்கு ஈபி, ஜெனரேட்டர் என்றெல்லாம் தெரியாது. வயரில் கரண்ட் வந்தால் வீட்டை அதில் விட்டுவிட்டு பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆரம்பித்துவிடும். 150 ஏஹெச் பேட்டரி காலியாக இருந்தால் சார்ஜுக்கே 200 வாட்ஸ் பக்கம் இழுக்கும். ஆக அவருடைய ஃபேனும் எங்கள் டீசலில், பேட்டரியும் எங்கள் டீசலில். வேண்டாம் என்றால் பேனல் ரூமில் உங்கள் லைன் எம்சிபியை இறக்கிவிடுகிறேன் சார், சுற்றுவதற்கான 310 மட்டும் கொடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் கரண்ட் போனபோது அவர் வீட்டு எம்சிபி ஆனில்தான் இருந்தது.

இப்போது ஒன்றாம் தேதி காலையில் ஹவர் மீட்டர், 16 சப்மீட்டர், டீசல் பில் மூன்றையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறேன், கீழே கணக்கு. கேள்விகள் குறைந்திருக்கின்றன. வாடகை வீடுகளில் இதை ஓனர் தருவதா குடியிருப்பவர் தருவதா என்பது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, இரண்டாம் மாடிக்காரரின் மே மாத 920-ம் வரவில்லை.